யார் வேண்டுமானாலும் செய்யும்படி ஒரு பக்கம்

தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டு கண்ணை மூடுவதற்குத்தான் என் அக்கா தூக்கம் என்று பெயர் வைத்திருந்தாள். அவள் கம்பெனியின் கிளைக் கடைகளின் சரக்குக் கணக்கு ராத்திரியில் தானாகத் தலைமை சர்வருக்குப் போகும். அதற்கு சிங்க் என்று பெயர். அது நடுவில் படுத்துவிட்டால் அவள் போன் அலறும். அதே சத்தத்தை என் போனில் வைத்து அவளைப் பதறவிடுவேன். திட்டக்கூட மாட்டாள், லேப்டாப்பைத் தேடுவாள்.

மேனேஜருக்கு நான் வைத்த பெயர் இஸ்திரி. சட்டையிலும் சுருக்கம் இல்லை, முகத்திலும் இல்லை.

"சிங்க் ஃபெயிலானா என்ன பாக்கணும், என்ன செய்யணும்னு ஒரு பக்கம் எழுதும்மா. ஒண்ணும் தெரியாதவனும் செய்யணும். தேறிட்டா உன் வேலை பர்மனென்ட்" என்றார்.

அக்கா எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். என்னைப் படிக்கச் சொல்லி நான் முழிக்கிற இடத்தையெல்லாம் மாற்றினாள். என் மண்டை உருப்படியாகப் பயன்பட்டது அப்போதுதான்.

சோதனை அன்று அக்கா மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க ஆபீசுக்குப் போனேன். இஸ்திரி வாசல் செக்யூரிட்டி அண்ணனைக் கூப்பிட்டுச் சோதனை சர்வரின் முன்னால் உட்கார வைத்திருந்தார். சுற்றிலும் சிரிப்பு.

"அண்ணே, மவுஸ் கடிக்காது!"

அண்ணன் விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். சர்வர் தானாக எழுதிவைக்கும் லாக்கைப் பார்த்தார்: 'ஏற்கெனவே ஒரு சிங்க் ஓடுகிறது.' டிஸ்கில் இடம் இருந்தது. ஒரு சிங்க் ஓடும்போது இன்னொன்று புகாமல் தடுக்கும் பூட்டு ஃபைல் கிடந்தது. பழைய சிங்க் செத்துப் போய் விட்டுப்போனதென்றால் அதை அழித்துவிட்டு மறுபடி ஓட்டலாம்.

"அழிங்கண்ணே, டீ ஆறுது" என்றான் ஒருவன்.

"இருங்க தம்பி. அழிக்கிறதுக்கு முன்னால உயிரோட இருக்கான்னு பாக்கச் சொல்லுது."

அக்கா எழுதிய பக்கத்திலிருந்த கட்டளையை நகலெடுத்துத் திரையில் ஒட்டினார். பழைய சிங்க் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இஸ்திரி வைத்த பொறி அதுதான். பூட்டை அழித்திருந்தால் இரண்டு சிங்க்கும் ஒன்றாக எழுதிக் கணக்கு இரட்டித்திருக்கும்.

"'தொடாதே, முடியும்வரை காத்திரு'ன்னு போட்டிருக்கு" என்று கையைக் கட்டிக்கொண்டார். முடிந்ததும் மறுபடி ஓட்டினார். கடைக் கணக்கும் சர்வர் கணக்கும் ஒத்துப்போயின. "பாப்பா, நீ பாஸு!" என்று அக்காவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார்.

இஸ்திரி கைதட்டினார். "பிரமாதம்மா. வாட்ச்மேனே செய்யறாரு. ராத்திரி எப்படியும் முழிச்சிருக்கறவரு. அப்புறம் இதுக்குன்னு தனியா ஒரு ஆள் எதுக்கு, நீயே சொல்லு?"

அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "சார், எனக்கு ஒண்ணும் புரியல சார். குருட்டாம்போக்குல செஞ்சேன் சார்."

"அதான் வேணும்" என்றார் இஸ்திரி. "போறதுக்கு முன்னால கடைசி வரியை மாத்திடும்மா."

'இதிலும் சரியாகாவிட்டால் கூப்பிடவும்' என்ற கடைசி வரியில் அக்காவின் நம்பர் இருந்தது. அவள் அதை அழித்து, அண்ணனிடம் கேட்டு அவர் நம்பரை அடித்தாள். எழுத்து மங்குகிறதென்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். சரியாக இருக்கிறதா என்று டயல் செய்தும் பார்த்தாள். அண்ணனின் சட்டைப் பையில் போன் அடித்தது.

"எடுக்காதீங்கண்ணே, சும்மா பாத்தேன்" என்றாள். "பூட்டை மட்டும் அவசரப்பட்டு அழிச்சிராதீங்க."

வீட்டுக்கு வந்ததும் என் போனிலிருந்து அந்தச் சத்தத்தை அழித்தேன். போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடாமல் அவள் படுத்திருந்தாள்.