உரையின் நான்காம் பத்தி

எங்கள் பள்ளி அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் தட்டச்சராக இருந்தவரை எல்லாரும் புள்ளி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். யார் எதை எழுதிக்கொண்டு வந்து நீட்டினாலும் நடுவில் இரண்டு முற்றுப்புள்ளியாவது வைக்காமல் தட்ட மாட்டார். அதனால் வந்த பெயர். வைத்தவர் கணக்கு வாத்தியார். அவருடைய விடுப்பு விண்ணப்பம் ஒரே வாக்கியமாக ஒரு பக்கத்துக்கு ஓடியிருந்தது. அதை ஆறு வாக்கியமாக உடைத்து அக்கா அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கடுப்பு.

நான் அங்கே நூலகராக இருந்தேன். அலுவலகத்துக்கும் நூலகத்துக்கும் நடுவில் ஒரு மரத்தடுப்புதான். நான் புத்தகத்துக்கு அட்டை போடும் சத்தம் அவருக்குக் கேட்கும். அவர் தட்டியதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது எனக்குக் கேட்கும். கடிதமோ, சுற்றறிக்கையோ, தேர்வு அட்டவணையோ, எதையும் ஒரு தடவை முணுமுணுத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவார். அவருடைய அப்பா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். பள்ளி விடுமுறையில் அக்காதான் அவருக்கு அறிவிப்புகளைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பாராம். "மூட்டையைத் தூக்கிட்டு ஓடுறவங்க காதுல விழணும்ல. அப்பா மூச்சு எங்க வாங்குறாரோ அங்க வரி முடியணும். நானா பாத்துப் பாத்துக் கண்டுபிடிச்சேன்," என்று ஒருமுறை சொன்னார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டு மாடி அறையில் இருந்தார். தம்பி மனைவி எழுதுகிற கடிதங்களுக்கும் புள்ளி வைத்துத் திட்டு வாங்கிக்கொள்வார்.

நான் சொல்ல வந்த வருஷம், புது முதல்வர் வந்து இரண்டாவது ஆண்டு. ஐம்பது வயது, வேதியியல் படித்தவர், அளந்து பேசுவார். அவரைக் கண்டு பயப்படாதவர்கள் அந்தக் கட்டடத்தில் குறைவு. ஆண்டு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது உரையின் வரைவை அக்காவிடம் கொடுத்து, "சுத்தமா அடிச்சுக் குடுங்க," என்றார்.

மறுநாள் மதியம் அக்கா அந்தத் தாளோடு நூலகத்துக்கு வந்தார். பின்னாலேயே முதல்வரும் வந்தார்.

"இவங்க எதுக்கு என்னை இங்க கூட்டிட்டு வந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று முதல்வர் என்னைக் கேட்டார். நான் எழுந்து நின்றேன்.

"ஒரு தடவை சத்தமா படிச்சுப் பாருங்க மேடம்," என்றார் அக்கா. "கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கு. காதுக்கு எப்படி இருக்குன்னு பாக்கணும்."

முதல்வர் முகம் சுளித்தார். ஆனாலும் நீள மேசையின் ஒரு முனையில் நின்று படித்தார். "கல்வி, விளையாட்டு, கலை ஆகிய அனைத்துத் துறைகளிலும் நம் பள்ளி பெற்றுள்ள அளப்பரிய வெற்றிகளுக்கு உறுதுணையாக விளங்கிவரும் ஆசிரியப் பெருமக்கள் அனைவருக்கும் என் உளமார்ந்த நன்றியினைத் தெரிவித்துக்கொள்வதில் மட்டற்ற மகிழ்ச்சி அடைகிறேன்." உளமார்ந்த என்ற இடத்தில் மூச்சு முட்டியது. மகிழ்ச்சி வந்து சேரும்போது குரலே இல்லை.

"தப்பு ஒண்ணுமில்ல மேடம்," என்றார் அக்கா. "ஆனா நம்ம மொழியில வினைச்சொல் கடைசியிலதான் வரும். அது வர்ற வரைக்கும் கூட்டம் காத்துக்கிட்டே உக்காந்திருக்கணும். நீங்க நன்றி சொல்றீங்களா, திட்டுறீங்களான்னே தெரியாம."

நான் புத்தக அலமாரிப் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினேன். முதல்வர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, "சரி, எப்படிச் சொல்லணும்?" என்றார்.

அப்படித்தான் அந்த மதியங்கள் ஆரம்பித்தன. தினமும் சாப்பாட்டு மணிக்குப் பிறகு அரைமணி நேரம். வெளியே மைதானத்தில் மேடைக்குப் பலகை அடிக்கும் சத்தம் கேட்கும். உள்ளே முதல்வர் படிப்பார், அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், பென்சிலால் மூச்சுக்கு ஒரு சாய்கோடு போடுவார். நான் கடிகாரம் பார்ப்பேன். பன்னிரண்டு நிமிஷ உரை ஏழு நிமிஷத்துக்கு வந்தது. போட்டிகளில் பரிசு வாங்கியவர்களின் பட்டியலை ஆண்டறிக்கைக்கு மாற்றினார்கள்; அது அச்சடித்துக் கையில் கொடுக்கிறதுதானே. நன்றி சொன்ன வாக்கியம் இப்படி ஆனது: "இந்த ஆண்டு நம் மாணவர்கள் ஓடினார்கள், பாடினார்கள், நன்றாகப் படித்தார்கள். அவர்களுக்குத் துணை நின்றவர்கள் நம் ஆசிரியர்கள். அவர்களுக்கு என் நன்றி."

"ரொம்பச் சாதாரணமா இல்ல?" என்று முதல்வர் கேட்டார். "தாளாளர் உக்காந்திருப்பார். பேச்சுவழக்கு மாதிரி ஆயிடக் கூடாது."

"பேச்சுவழக்கு இல்ல மேடம், எழுத்து நடைதான். 'ஓடுனாங்க'ன்னு நான் போடலயே. மரியாதை எல்லாம் அப்படியே இருக்கு. பட்டுத்துணி மட்டும் கொஞ்சம் குறைச்சிருக்கோம்."

அன்றுதான் முதல்வர் சிரித்து முதன்முதலாகப் பார்த்தேன்.

மூன்று பத்தி வழுக்கிக்கொண்டு போனது. நான்காவது பத்தியில் முட்டிக்கொண்டது.

அதற்கு முன்கதை ஒன்று உண்டு. அந்த வருஷம் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான உதவித்தொகைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் பன்னிரண்டாம் தேதி. எங்கள் பள்ளி பெற்றோர்களுக்கு அனுப்பிய அறிவிப்பில் 21 என்று இருந்தது. அக்கா தட்டிய அறிவிப்பு. அன்றைக்கு அவருடைய அப்பா மருத்துவமனையில் கிடந்தார். அரை நாள் விடுப்பில் அங்கே போய்விட வேண்டும் என்று அக்கா அவசர அவசரமாக அடித்தார். வாய்விட்டுப் படித்துப் பார்க்கவில்லை. முப்பத்தொரு பிள்ளைகள் தேதி தவறிப்போனார்கள். முதல்வர் மூன்று முறை தேர்வு அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டார். முடியாது என்றுவிட்டார்கள். அந்தத் தேர்வை எட்டாம் வகுப்பில்தான் எழுத முடியும். அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. பெற்றோர்கள் வாசலில் வந்து சத்தம் போட்டார்கள். அக்காவின் அப்பா அதே வாரம் இறந்துபோனார். இரண்டு துக்கத்தைப் பற்றியும் அவர் யாரிடமும் பேசவில்லை.

வரைவில் நான்காவது பத்தி ஒரே வாக்கியம்தான்: "தவிர்க்க இயலாத சில நிர்வாகக் காரணங்களால் உதவித்தொகைத் தேர்வு விண்ணப்பங்கள் தொடர்பாக நேர்ந்த தாமதத்திற்கு வருந்துகிறோம்."

முதல்வர் அதைப் படிக்கும்போதெல்லாம் குரல் இறங்கி, வேகம் கூடிவிடும். வேகமாகக் கடந்துபோகப் பார்ப்பார். அக்கா எந்தக் குறியும் போட மாட்டார். விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, புதிதாகத் தட்டிய ஒரு தாளை மேசைமேல் வைத்தார்.

முதல்வர் எடுத்து வாய்விட்டுப் படித்தார். "விண்ணப்பிக்கக் கடைசி நாள் பன்னிரண்டு. எங்கள் அறிவிப்பில் இருபத்தொன்று என்று இருந்தது. அதைத் தட்டச்சு செய்தவர் எங்கள் அலுவலகத் தட்டச்சர். பிழை அவருடையது."

தாளைத் திரும்ப மேசைமேல் வைத்தார்.

"இதை நான் படிக்க மாட்டேன்," என்றார் முதல்வர்.

"உண்மைதானே மேடம். ஆறு மாசமா எனக்குச் சோறு இறங்கல. ஊரறியச் சொல்லிட்டா எனக்கும் நிம்மதி."

"உண்மைதான். ஆனா என் வாயில வரும்போது பொய் மாதிரி இருக்கு. நீங்கதானே காதால கேக்கணும்னு சொன்னீங்க? கேட்டுப் பாருங்க." இன்னொரு முறை படித்தார். "அந்த அறிவிப்புக்குக் கீழ கையெழுத்து யாருது?"

பதிலையும் அவரே சொன்னார்.

"என்னுது. படிச்சுப் பாக்காம போட்ட கையெழுத்து. அன்னிக்கு நாப்பது தாள் இருந்துது, வரிசையாப் போட்டுக்கிட்டே போனேன்." அக்காவின் கையிலிருந்த பென்சிலை வாங்கி, கடைசி இரண்டு வாக்கியத்தையும் அடித்துவிட்டு எழுதினார். எழுதி முடித்ததும் படித்தார்: "அந்த அறிவிப்பில் கையெழுத்திட்டவள் நான். படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டேன். அதனால் முப்பத்தொரு மாணவர்களின் வாய்ப்புப் பறிபோனது. இருப்பினும்..."

"இருப்பினும் வேணாம் மேடம்," என்றார் அக்கா. கண் முழுக்கத் தண்ணீர். ஆனாலும் வேலையை விடவில்லை. "மன்னிப்புக் கேக்குற இடத்துல 'இருப்பினும்' வந்தா, மேல சொன்னதெல்லாம் அழிஞ்சுபோயிடும்."

முதல்வர் அந்தச் சொல்லைக் கோடிட்டு அடித்துவிட்டு, தொடர்ந்து எழுதினார்: "அவர்களிடமும் அவர்களின் பெற்றோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். இனி எந்த அறிவிப்பிலும் தேதியை எண்ணிலும் எழுத்திலும் எழுதுவோம். இருவர் படித்த பிறகே அது பள்ளியை விட்டு வெளியே போகும்." அவ்வளவுதான். அக்கா அதில் ஒரு புள்ளிகூடக் கூடுதலாக வைக்கவில்லை.

தாளாளர் முந்தின நாள் உரையை வாங்கிப் பார்த்தார். "விழாவுல போய் இதை எதுக்கும்மா?" என்றார். "எல்லாப் பெற்றோரும் ஒண்ணா வர்றது அன்னிக்கு மட்டும்தான் சார்," என்றார் முதல்வர். தாளாளர் உரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அக்கா உரையைப் பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு, ஐந்து தாளில் அடித்தார். எந்த வாக்கியமும் அடுத்த பக்கத்துக்குத் தாவாதபடி ஒவ்வொரு தாளையும் முற்றுப்புள்ளியில் முடித்தார். தாள்களைச் சேர்த்துப் பின் குத்தவில்லை, குத்தினால் ஒலிபெருக்கியில் தாள் புரட்டுகிற சத்தம் கேட்கும், ஒவ்வொன்றாக ஓரமாய் நகர்த்திவிட வேண்டும் என்றார்.

விழா அன்று நாங்கள் இருவரும் மேடைக்குப் பக்கவாட்டில் நின்றோம். நான்காவது பத்தி வரும்வரை கூட்டத்தில் வழக்கமான சலசலப்பு. "கையெழுத்திட்டவள் நான்" என்றதும் அது நின்றது. முதல்வர் அவசரப்படவில்லை. சாய்கோடு போட்ட இடத்திலெல்லாம் நிறுத்தி மூச்சு வாங்கினார். மன்னிப்புக் கேட்ட பிறகு யாரும் கைதட்டவில்லை. அது கைதட்டுகிற இடமும் இல்லை. அக்கா என் கையைப் பிடித்திருந்தார். உரை முடிகிற வரை விடவில்லை.

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அந்த முப்பத்தொரு பேரில் ஒருத்தியின் அம்மா வந்தார். தையற்காரர். முதல்வரிடம், "எனக்கு இன்னும் கோவம் போகல," என்றார். "ஆனா ஆறு மாசமா என் பொண்ணு, நான்தான் தேதியைத் தப்பாப் பாத்துட்டேனோன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. இன்னிக்கு அவ காதாலயே கேட்டுட்டா, தப்பு அவ பேர்ல இல்லன்னு." சொல்லிவிட்டுப் போய்விட்டார். முதல்வர் காலி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன்.

அதற்குப் பிறகு எட்டு ஆண்டு விழாக்கள். ஒவ்வொரு வருஷமும் பத்து நாள் முன்னதாக என் நீள மேசையைக் காலி செய்து வைப்பேன். மரத்தடுப்பைப் பிறகு எடுத்துவிட்டார்கள். நூலகம் இப்போது மாடிக்குப் போய்விட்டது. வெயில் சாய்ந்து விழும் அந்த அறையும், ஒருவர் படிக்க ஒருவர் கண்மூடிக் கேட்டதும் எனக்கு அவ்வப்போது நினைப்பில் வந்துவிடும். என் வேலைக்காலத்தில் நான் மிகச் சந்தோஷமாக இருந்த அரைமணி நேரங்கள் அவைதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அக்காவும் முதல்வரும் ஓய்வு பெற்று வருஷங்களாகின்றன. அக்காவுக்கு ஒரு காது சரியாகக் கேட்பதில்லை. வியாழக்கிழமைதோறும் முதல்வர் தம்பி வீட்டு மாடி அறைக்குப் போய் அவருக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுகிறார். போன வாரம் நானும் போயிருந்தேன். தலையங்கத்தில் எட்டு வரிக்கு ஒரு வாக்கியம். முதல்வர் பாதியில் மூச்சு வாங்கினார்.

"எங்க வெக்கலாம்?" என்று கேட்டார்.

அக்கா நல்ல காதை முன்னால் நீட்டி, "மறுபடியும் படி," என்றார். 'மேடம்' என்பது எப்போது போனதென்று நான் கேட்கவில்லை.