இருபதில் இறந்தவர்

எங்கள் நூலகத்துக்குப் பயிற்சிக்கு வந்த அந்தப் பெண்ணுக்குக் காற்புள்ளி என்று பட்டப்பெயர் வைத்தவள் நான்தான். பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஸ்கேன் செய்கிறவள் நான். ஆசிரியர் பெயருக்குப் பின்னால் ஒரு கமா விட்டுப்போனால் அவளுக்குச் சோறு இறங்காது. அவள் அப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். தாள் கோணலாக விழுந்தால் வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே கிழித்துப் போடுவாராம். மகள் மட்டும் வேறு எப்படி இருப்பாள்?

நூல்களின் விவரம் எழுதிய பழைய பட்டியல் அட்டைகளைக் கணினியில் ஏற்றுவதுதான் அவள் வேலை. பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, பதிப்பு, பதிப்புரிமை என்று எல்லா நூலுக்கும் ஒரே மாதிரிக் கட்டங்கள். அட்டை எழுதியவர்களோ ஆளுக்கொரு சுருக்கம் வைத்திருந்தார்கள். 'பி.' என்றால் பிறப்பு. அப்படியானால் 'ம.' என்றால் மறைவு என்று அவள் முடிவு கட்டினாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஒரே கட்டளையில் 'ம.' போட்ட அத்தனை ஆண்டுகளும் இறந்த ஆண்டுக் கட்டத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டன. ஆசிரியர் இறந்து நெடுங்காலம் ஆகியிருந்தால், 'உரிமை முடிந்தது', யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று அடுத்த கட்டம் தானாகவே நிரம்பிவிடும்.

"பாவங்கா, இருபது வயசுலயே போயிட்டாங்க," என்றாள் ஒரு நாள். 'பி. 1938, ம. 1958' என்றிருந்த அட்டை. பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகுவதற்கான சின்னக் கையேடு. நானும் உச்சுக் கொட்டிவிட்டு முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து கொடுத்தேன். இணையத்தில் ஏறியது.

சில மாதம் கழித்து ஒரு அம்மாள் ஊன்றுகோலுடன் வந்து காற்புள்ளியின் மேசைமேல் ஒரு புதுப் புத்தகத்தை வைத்தார். அதே கையேடு, பளபளவென்ற அட்டையோடு. பின்னட்டையில் 'இளம் வயதில் மறைந்த ஆசிரியர்' என்று போட்டிருந்தது.

"இதை எழுதினது நான்தான். கடையில பார்த்தேன். போட்டவங்களைக் கேட்டா, நீங்க செத்துட்டதா நூலகத்துல இருக்கு, அதனால யாரையும் கேக்கலைன்னு சொல்றாங்க."

காற்புள்ளியின் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை நாள் இருவரும் சேர்ந்து பரிதாபப்பட்ட பிணம், எங்கள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறது.

அவள் அலமாரிக்கு ஓடி மூல நூலை எடுத்துவந்து தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைத் திருப்பினாள். 'மறுபதிப்பு, 1958.'

"மறுபதிப்பு," என்று மட்டும் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, இன்னும் எத்தனை பேரைக் கொன்னிருக்கேன்?" என்றாள்.

சத்தம் கேட்டு வந்த தலைமை நூலகர் விஷயத்தைப் புரிந்துகொண்டதும் வேர்த்துப்போனார். "சாஃப்ட்வேர் கோளாறுன்னு எழுதிக் குடுத்துடலாம்," என்றார் மெதுவாக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இல்ல சார். சாஃப்ட்வேர் நான் சொன்னதைத்தான் செஞ்சது. புத்தகத்தைத் திறந்து பார்க்காம நான்தான் மாத்தினேன்," என்றாள் அவள். பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்துப் போடவேண்டியவரே அவர்தான்.

ஸ்கேனை அப்போதே இணையத்திலிருந்து இறக்கினேன். ஆசிரியர் உயிரோடு இருக்கிறார், உரிமை அவருடையது, பிழை எங்களுடையது என்று பதிப்பாளருக்கு அவள் கடிதம் அடித்தாள். தலைமை நூலகர் மூக்கைச் சொறிந்துகொண்டே அதில் கையெழுத்துப் போட்டார். 'ம.' இருந்த நூல் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்காமல் இனி எதையும் ஏற்றமாட்டேன் என்று அவளே அவரிடம் சொன்னாள்.

பிறகு அம்மாள் பக்கம் திரையைத் திருப்பி, அவர் கண்ணெதிரே இறந்த ஆண்டை அழித்தாள். பெயருக்குப் பக்கத்தில் '1938–' என்று நின்றது.

"நீ அழிச்ச அந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணம். அப்புறம் எழுதவும் இல்ல, சைக்கிள் ஏறவும் இல்ல," என்றார் அம்மாள், திரையைப் பார்த்தபடி. "அது சரி, கோடு எதுக்கு அப்படியே நிக்குது?"

காற்புள்ளிக்குப் பொய் சொல்ல வராது. "உயிரோட இருக்கறவங்களுக்கு அப்படித்தாம்மா போடணும். பின்னால எழுத இடம் விடணும்."

அம்மாள் அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இந்தத் தடவை என்னைக் கேட்டுட்டு எழுது," என்றார்.