முகம் படிக்கிறவன்மேல் வெர்னா வைத்த வஞ்சம்

லாஸ் வேகாஸில் வெளியூர்க்காரர்கள் வராத பக்கம் ஒரு சூதாட்ட விடுதி. அதன் போக்கர் அறையில் பதினாறு வருஷம் சீட்டுப் போட்டவள் வெர்னா ஹாலோரன். அதே அறையில் நானும் சீட்டுப் போடுகிறவன்தான். ஆடுகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு சீட்டைக் கவிழ்த்துக் கொடுப்போம், எல்லோருக்கும் பொதுவாக நடுவில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று என்று ஐந்தைத் திறந்து போடுவோம், ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் நடக்கும். அவளுக்கு வேலை போன அன்று பக்கத்து மேஜையில் இருந்தேன். அதற்குப் பிறகு அவள் செய்ததில் பாதியைக் கண்ணால் பார்த்தேன், மீதியை அவளே சொன்னாள்.

வேலையைப் பறித்தவன் ட்வைட் ப்ரூயிட். முன்பு பழைய கார் விற்றுக்கொண்டிருந்தான். இப்போது மதியம் எங்கள் அறையில் ஆடுவான். சனிக்கிழமை காலையில் மோட்டல் ஒன்றின் கூட்ட அறையில் 'முகம் படிக்கும் கலை' என்று வகுப்பு எடுப்பான். எதிராளி மூக்கைத் தொட்டால் இது, காலை ஆட்டினால் அது, கை நடுங்கினால் பெரிய சீட்டு என்று பாடம். நன்றாகப் பேசுவான், கேட்கிறவர்கள் நம்பிவிடுவார்கள். எங்கள் மேலாளர் ரஸ்ஸல் கேட்ஸ்பியே இரண்டு தடவை அந்த வகுப்புக்குப் போய் வந்தார்.

ஒரு வியாழக்கிழமை லாரி ஓட்டுகிற ஒருவனிடம் ட்வைட் பெரிய தொகையை விட்டான். சீட்டுப் போட்டது வெர்னா. தோற்றவன் எழுந்து நின்று சத்தம் போட்டான்.

"இவ என் சீட்டைப் பாத்துட்டு அவனுக்குச் சாடை காட்டுறா. தொண்டையைத் தொட்டா, நான் பாத்தேன். மூஞ்சியைப் பாருங்க, பொய் சொல்றவ மூஞ்சி!"

ரஸ்ஸல் அவளை அலுவலக அறைக்குக் கூப்பிட்டு விசாரித்தார். பதினாறு வருஷத்தில் யாரும் அவளை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் முகம் சிவந்தது, நாக்கு குழறியது, கை தானாகத் தொண்டைக்குப் போனது. களவாணி என்று சொல்லப்பட்டால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். ஆனால் ரஸ்ஸல் வகுப்பில் படித்துவிட்டு வந்தவர் அல்லவா, அவர் கண்ணுக்கு அது குற்றமாகத் தெரிந்தது. கேமராப் பதிவை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்கள், ஒன்றுமே இல்லை. இருந்தும், "ஆட வர்றவங்களுக்கு உன்மேல நம்பிக்கை போயிடுச்சு வெர்னா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வாசலில் அவளுக்குச் சிகரெட் பற்ற வைத்தது நான்.

"வழக்குப் போடு" என்றேன்.

"வழக்கா? வேணாம். அவன் எதை வச்சு என் சோத்துல மண்ணைப் போட்டானோ, அதை வச்சே அவனை அறுக்கணும். அவன் ஜனங்க முன்னாடி நிக்க முடியாம பண்ணணும்."

அவளுக்கு ஆட வரத் தடை எதுவும் போடவில்லை. பதிவில் தப்பு இல்லையே, எப்படிப் போடுவார்கள்? இரண்டு வாரம் கழித்து, சேமிப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு, தான் சீட்டுப் போட்ட அதே மேஜையில் ஆட உட்கார்ந்தாள். ட்வைட்டுக்கு ஒரே குஷி.

"அடடே, அம்மணி இந்தப் பக்கம் வந்துட்டாங்களா! இப்ப யாருக்குச் சாடை காட்டப் போறீங்க?"

அவள் பணத்தைக் கொடுத்து, பந்தயம் வைக்கிற சில்லுகளை வாங்கி அடுக்கினாள். ஆறு வருஷமாக அவன் ஆடுவதைப் பார்த்தவள். அவனிடம் ஒரு பழக்கம் இருக்கிறது என்று நினைத்திருந்தாள். எப்போதும் சூயிங்கம் மெல்லுவான். கையில் ஒன்றும் இல்லாமல் பணம் தள்ளும்போது மட்டும் தாடை நின்றுவிடும் என்பது அவள் கணக்கு. முதல் நாளே தாடை நின்றது. இவள் கையிலிருந்ததையெல்லாம் நடுவில் தள்ளினாள். அவன் திருப்பிப் போட்ட சீட்டோடு மூன்று ராணிகள் சேர்ந்தன.

"உன் கண்ணுல ஆசை தெரிஞ்சுது அம்மணி" என்று சொல்லி எல்லோரையும் பார்த்துச் சிரித்தான்.

அன்று அவள் காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் குத்திக் குத்தி விரல் முட்டி வீங்கிவிட்டது. மறுநாள் கடைக்குப் போய் ஒரு சின்ன நோட்டு வாங்கினாள்.

அடுத்த நான்கு மாதம் அவள் ஆடியது குறைவு, எழுதியதுதான் அதிகம். ட்வைட் கடைசிவரை போய்ச் சீட்டைக் காட்டிய ஒவ்வொரு ஆட்டத்தையும் குறித்தாள். தாடை நின்றதா, எங்கே பார்த்தான், எப்படி உட்கார்ந்தான். நடுவில் எவ்வளவு கிடந்தது, அதில் எந்தச் சுற்றில் எத்தனை பங்கு போட்டான், கடைசியில் கையில் என்ன இருந்தது. ஒரு நாள் மதியம் சாப்பாட்டு இடைவேளையில் என்னிடம் காட்டினாள்.

"தாடை நின்னது முப்பத்தொரு தடவை. பதினாறுல பொய், பதினஞ்சுல நெசம். காசைச் சுண்டிப் பாத்தாலும் இதே கணக்குதான் வரும்."

"அப்ப ஆறு வருஷமா நீ பாத்தது?"

"பொய்யா இருந்ததுதான் மனசுல நின்னுச்சு, மத்ததை மறந்துட்டேன். அவனும் அப்படித்தான் ஊருக்குப் பாடம் எடுக்கிறான், முட்டாப்பய." பக்கத்தைத் திருப்பினாள். "இதைப் பாரு. நல்ல சீட்டு இருந்தா நாலாவது பொதுச் சீட்டுல பெரும்பாலும் பந்தயம் வைக்காம விட மாட்டான், நடுவுல உள்ளதுல பாதி வைப்பான். அங்க சும்மா விட்டுட்டு, அஞ்சாவதுல திடீர்னு நடுவுல இருக்கிறதை விடப் பெருசாத் தள்றான் பாரு, அது இருபத்திமூணு தடவை. பதினேழுல கையில ஒண்ணுமே இல்ல."

"எல்லாரும் சீட்டைப் போட்டுட்டு ஒதுங்கின ஆட்டத்துல அவன்கிட்ட என்ன இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"முழுசாத் தெரியாது. ஆனா ஏமாத்தி ஜெயிச்சா அவனுக்குக் காட்டாம இருக்க முடியாது, பெருமை. அதனால பொய்க்கணக்கு கொஞ்சம் கூடத்தான் ஏறியிருக்கும். பதினேழுல பாதியைக் கழிச்சிடு. அப்பவும் நெசமா சீட்டு இருந்த ஆறை விட ஜாஸ்தி, எனக்குப் போதும்."

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. அறையின் புகை அவளுக்கு ஆஸ்துமாவைக் கிளப்பிவிட்டிருந்தது. மருந்தை உறிஞ்சினால் கொஞ்ச நேரம் கை நடுங்கும், அது மருந்தின் குணம். ஒரு நாள் அப்படி நடுங்குகிற கையால் பந்தயம் வைத்தாள். உண்மையிலேயே நல்ல சீட்டுதான். ட்வைட் தன் இரண்டு ஜோடியை மேஜையில் விரித்துக் காட்டிவிட்டு ஒதுங்கினான்.

"கை சொல்லிடுச்சு அம்மணி. நடுங்குற கை பொய் சொல்லாது."

அவள் தன் சீட்டைக் காட்டவில்லை. அதிலிருந்து, மருந்து உறிஞ்சிய பிறகு சில தடவை கையில் ஒன்றும் இல்லாமலே பந்தயம் வைத்தாள். அவன் ஒதுங்கினான். ஒவ்வொரு தடவையும் பெருமையாகப் பேசினான். அவள் ஒவ்வொரு தடவையும் சீட்டைக் கவிழ்த்தபடியே தள்ளிவிட்டாள்.

"ஏன் காட்ட மாட்டேங்கிற?" என்று நான் கேட்டதற்கு, "கூட்டம் வரட்டும்" என்றாள்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை மதியம் வந்தது. நேரடிப் பாடம் என்று ட்வைட் தன் மாணவர்கள் ஒன்பது பேரைக் கூட்டிவந்து மேஜையைச் சுற்றியுள்ள தடுப்புக் கம்பிக்கு வெளியே நிறுத்தினான். ரஸ்ஸல் அவர்களுக்குக் காபி வரவழைத்தார். அந்த மேஜைக்கு அன்று சீட்டுப் போட்டது நான்.

வெர்னா பந்தயத்தை ஏற்றினாள், ட்வைட் மட்டும் கூட வந்தான். பொதுச் சீட்டில் ராஜா, எட்டு, மூன்று. அவன் சும்மா விட்டான், அவள் போட்டாள், அவன் சமமாகப் போட்டான். நான்காவது சீட்டிலும் அதேதான். ஐந்தாவதில் அவள் பெரிதாகத் தள்ளினாள். விரல்கள் வெடவெடவென்று ஆடின, சில்லுகள் கலகலத்தன.

ட்வைட் மாணவர்கள் பக்கம் திரும்பினான். "கையைப் பாத்தீங்களா? இவகிட்ட மூணு எட்டு இருக்கு, இல்ல அதுக்கு மேல. வேற எவனா இருந்தாலும் இதை வச்சுக்கிட்டு அழிஞ்சிருப்பான்." தன் ராஜாவையும் ராணியையும் விரித்துக் காட்டிவிட்டு ஒதுங்கினான். மேலே கிடந்த ராஜாவோடு அவனுக்கு ஜோடி.

வெர்னா தன் இரண்டு சீட்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஒரு ஏழு, ஒரு ஐந்து. எதோடும் சேராத குப்பை.

கம்பிக்கு வெளியே ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "சார், அப்ப நடுங்குற கைன்னா என்ன அர்த்தம்?"

"ஆஸ்துமான்னு அர்த்தம் கண்ணு," வெர்னா மருந்துக் குப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "மூணு மாசமா உங்க வாத்தியார் இந்தக் குப்பியைப் பாத்துப் பயந்து ஓடிட்டிருக்காரு."

ட்வைட்டின் கழுத்து நரம்பு புடைத்தது. அடுத்த அரை மணி நேரம் அவன் யாரோடும் ஆடவில்லை, அவளோடு மட்டுமே ஆடினான்.

பிறகு அந்த ஆட்டம் வந்தது. அவன் ஏற்றினான், அவள் ஏஸும் பத்தும் வைத்துக்கொண்டு கூடப் போனாள். நான் பத்து, ஆறு, இரண்டு போட்டேன். அவன் பந்தயம் வைத்தான், அவள் சமமாகப் போட்டாள். நான்காவது சீட்டு ஒரு நாலு. அவன் சும்மா விட்டான், அவளும் விட்டாள். ஐந்தாவது ராணி. ட்வைட் தன்னிடமிருந்த அத்தனையையும் நடுவில் தள்ளினான். ஏற்கனவே கிடந்ததைப்போல் அது இரண்டு மடங்கு.

தள்ளிவிட்டு அசையாமல் அவள் கண்ணையே பார்த்தான். தாடை மெதுவாக, ஒரே சீராக மென்றுகொண்டிருந்தது. அந்த முகத்தைப் பார்த்தால் எவனும் ஒதுங்கியிருப்பான். நான் ஒதுங்கியிருப்பேன்.

வெர்னா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. சில்லுக் குவியலைப் பார்த்தாள். ஐந்தில் இரண்டு தடவை தன் கணிப்பு சரியாக இருந்தால் இந்தப் பணத்துக்கு நஷ்டமில்லை என்பது அவளுக்குத் தெரியும். இருபத்திமூன்றில் ஆறு தடவை அவனிடம் உண்மையிலேயே சீட்டு இருந்தது என்பதும் தெரியும். இது அந்த ஆறில் ஒன்றாகவும் இருக்கலாம்.

"ராணி வந்துச்சு அம்மணி," என்றான் ட்வைட். "என்னைப் பாரு. பயமா?"

"உன்னை எதுக்குய்யா பாக்கணும்? நாலாவதுல சும்மா விட்டியே, அப்பவே பாத்துட்டேன்." சமமாகத் தள்ளினாள்.

அவன் சீட்டைக் காட்ட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தான். காட்டச் சொல்லி நான்தான் கேட்டேன். ராஜாவும் ஜாக்கியும். ஒரு ஜோடிகூட இல்லை. வெர்னாவின் இரண்டு பத்துகள் ஜெயித்தன.

"பதிவை ஓட்டிப் பாருங்க! இவ என் சீட்டைப் பாத்திருக்கா!" என்று ட்வைட் கத்தினான். மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரஸ்ஸல் பதிவை ஓட்டப் போகவில்லை. "உக்காருங்க ட்வைட், இல்ல வெளிய போங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் அவன் வகுப்புக்கு மூன்று பேர்தான் வந்தார்களாம். ரஸ்ஸல் வெர்னாவைக் கூப்பிட்டு, பழைய வேலை வேண்டுமா என்று கேட்டார். "என் மூஞ்சியைப் பாத்தா திருடி மாதிரித் தெரியுதே சார், எப்படி வைப்பீங்க?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். நானும் சொன்னேன், அவள் கேட்கவில்லை. ட்வைட் ஊரின் மறுகோடியில் வேறு அறைக்குப் போனான், இவளும் போய் அவனுக்கு இடப்பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள், அங்கே இருந்தால் அவன் பந்தயம் வைத்த பிறகுதான் இவள் முறை வரும். எப்போதும் ஜெயித்தாள் என்று சொல்ல முடியாது. ஒரு மாதம் முழுக்கத் தோற்றிருக்கிறாள், அவனுக்கு உண்மையிலேயே நல்ல சீட்டாக வந்தது. ஆனால் அவளைப் பார்த்தாலே அவன் ஆட்டம் கெட்டது. கறுப்புக் கண்ணாடி போட்டான், தொப்பியை இறக்கினான், கழுத்தை மூடத் துணி சுற்றிக்கொண்டான்.

"மூஞ்சியெல்லாம் மூடிட்டு வர்றான்" என்று அவள் போனில் சிரித்தாள். "பந்தயம் வைக்கிறதை மட்டும் அப்படியே வைக்கிறான்."

வகுப்பை மூடிவிட்டு ட்வைட், வடக்கே ஏழு மணி நேரம் தள்ளி இருக்கிற இன்னொரு சூதாட்ட ஊரான ரீனோவுக்கே குடிபெயர்ந்தான். சாமான் ஏற்றிய வண்டியைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். இனியாவது இவள் ஓய்வாள் என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு பகல் வேளையில் போன் வந்தது. பின்னால் சில்லுகளின் சத்தம் கேட்டது.

"எங்க இருக்க?"

"ரீனோவுல."

"போதும் வெர்னா. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"அவனுக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலி காலியா இருந்துச்சு," என்றாள். "இப்ப இல்ல."