முடி கொடுத்த கோமு

முக்கூடலில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டுச் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள் கோமு. வேலையெல்லாம் இணையத் தளம் ஒன்றின் வழியாக வரும். பெரிய புத்தகம் ஒன்று அமைந்தால் திருச்செந்தூரில் முடி கொடுப்பதாக நேர்ந்திருந்தாள். ஒன்று கேட்டவளுக்கு முருகன் இரண்டாகக் கொடுத்தான். வரைந்து முடித்த கையோடு போய் மொட்டை போட்டு, சந்தனம் பூசி, நிறைந்த மனசோடு திரும்பினாள்.

வந்து பார்த்தால் தளத்தில் அவள் கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அடையாளச் சரிபார்ப்பாம். பாஸ்போர்ட்டைப் படமெடுத்து ஏற்றி, கேமராவில் முகத்தைக் காட்டினாள். பொருந்தவில்லை என்றது. ஜன்னல் பக்கம் நகர்ந்து காட்டினாள். அப்போதும் அதேதான். பாஸ்போர்ட்டில் அடர்ந்த முடி. இங்கோ வெட்கத்தில் புருவம்வரை இழுத்துச் சுற்றிய சால்வை. எந்த எந்திரம்தான் ஒத்துக்கொள்ளும்?

முடித்த படங்களை ஒப்படைக்க வழியில்லை. இரண்டு புத்தகமும் அச்சுக்குக் காத்திருந்தன. கைவிட்டுப் போனால் மறுபடி அவளை யார் நம்புவார்கள்?

ஆழ்வார்குறிச்சிப் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்த கணவன் தாணுமாலையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டான்.

"ஏட்டி, முருகனுக்குத் தெரிஞ்ச மூஞ்சி இவங்களுக்குத் தெரியலையாக்கும். படத்த நேரா புத்தகம் போடுதவங்களுக்கே அனுப்பி ரூவாய வாங்கிருவமா?"

"சும்மா இருங்க. அது தளத்து விதிக்கு ஆகாது. கண்டுபிடிச்சா ஒரேயடியா தூக்கிருவாங்க. உதவிப் பிரிவுக்கு எழுதுதேன்."

அவன் ஆங்கிலத்தில் 'தயவுகூர்ந்து' என்று பத்து வரி கெஞ்சி எழுதிக் கொடுத்தான். எல்லாவற்றையும் அழித்தாள். உள்ளதை எழுதினாள்: 'சரிபார்ப்பு இரண்டு முறை தவறிவிட்டது. பாஸ்போர்ட் என்னுடையதுதான். எங்கள் வழக்கப்படி கோயிலில் முடி காணிக்கை கொடுத்திருக்கிறேன். அதனால் முகம் மாறித் தெரிகிறது. தலையை மூடியதும் என் தவறு. ஒப்படைக்க வேண்டிய வேலைகள் இரண்டு காத்திருக்கின்றன. ஒரு மனிதர் என்னை வீடியோவில் பார்த்துச் சரிபார்க்க முடியுமா?'

மறுநாளே பதில் வந்தது. வீடியோ அழைப்பில் வந்த பெண், தலையில் இருப்பதை எடுக்கச் சொன்னாள். கோமுவின் கை ஒரு நிமிஷம் தயங்கியது. தெருவில்கூட மூடிக்கொண்டு நடந்தவள் அல்லவா! பைய சால்வையை இறக்கினாள். அந்தப் பெண் பாஸ்போர்ட்டைக் கேமராவுக்கு அருகில் காட்டச் சொன்னாள், முகத்தை இரு பக்கமும் திருப்பச் சொன்னாள், பிறந்த தேதி கேட்டாள். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே கணக்கு திறந்துவிட்டது. படங்கள் இரண்டு இடத்துக்கும் போய்ச் சேர்ந்தன. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

தளத்தில் தன் பெயருக்குரிய பக்கத்தில் இருந்த பழைய புகைப்படத்தை எடுத்துவிட்டு, மொட்டைத் தலையோடு எடுத்த படத்தைப் போட்டாள்.

"முடி வளந்த பெறவு மாத்தலாம்லா?" என்றான் தாணுமாலையன்.

"வளரும்போது வளரட்டும். இந்தப் படமெல்லாம் வரஞ்சவ இவதான்."