மலைமேல் கிடக்கும் ஆயிரம்

சலீமாவுக்கு மாதத்தில் ஒரு நாள்தான் சொந்தம். மீதி நாளெல்லாம் மகன் ஹம்மாதுக்கும் மருமகள் லுப்னாவுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போய்விடும். அந்த ஒரு நாள் காலையில் வாணியம்பாடியில் பஸ் ஏறி, ஆலங்காயத்தில் இறங்கி, ஒரு டீயும் இரண்டு சமோசாவும் யாரையும் கேட்காமல் வாங்கித் தின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் மலையேறி ஜமுனாமரத்தூர் போவாள். கடைத்தெருவில் அவள் பேரில் இருக்கும் ஒற்றைக் கடைக்கு வாடகை வாங்கிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவாள்.

கடை அவள் புருஷன் ரஹ்மான் பாய் கட்டியது. மலையில் புளி வாங்கி வாணியம்பாடியில் விற்ற மனுஷர். மூட்டை போட்டு வைக்க ஓர் இடம் வேண்டுமென்று கட்டினார். அவர் மண்ணுக்குப் போய் ஒன்பது வருஷம். ஆறு வருஷமாக அங்கே ஈஸ்வரி தையல் கடை வைத்திருக்கிறாள். வாடகை நாலாயிரம் என்று பத்திரத்தில் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பின்னாலிருக்கும் சின்ன அறையையும் கேட்டாள் ஈஸ்வரி, பள்ளிக்கூட யூனிபார்ம் துணி அடுக்கி வைக்க. ஆயிரம் சேர்த்துத் தருகிறேன் என்று அவளாகவே சொன்னாள். சலீமா சரி என்றாள்.

அந்த ஆயிரத்தை அவள் ஹம்மாதிடம் சொல்லவில்லை. பொய் சொன்னாள் என்றும் சொல்ல முடியாது. அவன் கேட்கவில்லை, இவள் சொல்லவில்லை, அவ்வளவுதான். நாலாயிரத்தை வீட்டுக்கு வந்ததும் அவன் கையில் கொடுத்துவிடுவாள். மிச்ச ஆயிரத்தில் டீ, சமோசா, முட்டி வலிக்குத் தைலம் போக, பெரும்பங்கு பேரணாம்பட்டில் இருக்கும் தங்கை ஆஸ்மாவுக்குப் போகும். ஆஸ்மா வீட்டில் சிலிண்டர் வாங்கி அடுப்பு எரிவது இந்தக் காசில்தான். ஹம்மாதுக்கும் சித்திக்கும் ஒரு நிக்காஹ் பந்தியில் வாய்ச்சண்டை. நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவன் முன்னால் ஆஸ்மா பேரை எடுத்தாலே எழுந்து போய்விடுவான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில்தான் மாடி கட்டுகிற யோசனை வந்தது. ஹம்மாது ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அவன் சம்பளத்துக்குக் கிடைக்கிற கடன் போதாது. அம்மாவையும் கடனில் சேர்த்துக்கொண்டால் வாடகை வருமானத்தையும் கணக்கில் எடுப்போம், ஆனால் ஆறு மாதமாவது வாடகை பேங்க் வழியாக வந்திருக்க வேண்டும், கைக்காசெல்லாம் செல்லாது என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள்.

"அம்மி, ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன்னு ஒண்ணு இருக்குது. அவங்க ஒரு தடவ எழுதிக் குடுத்துட்டா போதும். மாசாமாசம் அஞ்சாம் தேதி பணம் தானா நம்ம அக்கவுண்டுக்கு வந்துடும். நீங்க இந்த முட்டிய வெச்சிக்கினு மல ஏற வேணாம்."

நம்ம அக்கவுண்டு என்றால் அவளும் அவனும் சேர்ந்த அக்கவுண்டு. பாஸ்புக் பீரோவில், கார்டு அவன் பர்ஸில், மெசேஜ் அவன் போனில். சலீமாவுக்கு அதில் இருப்பது கையெழுத்து மட்டும்.

"முட்டி இன்னா, நல்லாத்தான் இருக்குது," என்றாள்.

"நேத்து ராத்திரி தைலம் கேட்டது யாரு?" என்று சிரித்தான் ஹம்மாது. நல்ல பிள்ளைதான். அதுதான் தொல்லை. கெட்ட பிள்ளையாக இருந்தால் சண்டையாவது போடலாம்.

அக்கவுண்டு நம்பரை ஈஸ்வரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். ஈஸ்வரி உடனே போன் போட்டுவிட்டாள். "போன்ல வர்ற நம்பருக்கெல்லாம் நான் பணம் போட மாட்டேங்க. போன மாசம்தான் பக்கத்து மளிகக்கடைக்காரர் ஒருத்தனாண்ட ஏமாந்தாரு. பாயம்மா நேர்ல வந்து சொல்லட்டும், செய்றேன்."

அப்படித்தான் சலீமாவுக்குக் கடைசியாக ஒரு தடவை மலை கிடைத்தது. ஹம்மாது ஒரு தாளில் பெயர், அக்கவுண்டு நம்பர், ஐ.எஃப்.எஸ்.சி. எல்லாம் எழுதி, கீழே 'ரூ. 4000' என்று பெரிதாகப் போட்டு மடித்துக் கைப்பையில் வைத்தான்.

அன்றைக்கு ஆலங்காயத்தில் சமோசா இறங்கவில்லை. பஸ் வளைவுகளில் திரும்பத் திரும்ப அவள் மனசுக்குள் ஒரே பேச்சைக் கட்டிக்கொண்டு வந்தாள். 'ஈஸ்வரி, பேங்க்ல நாலாயிரம் போடு. ஆயிரத்த என் கையில குடு. பையனுக்குத் தெரிய வேணாம்.' மூன்று வரிதான். ஆனால் அறுபத்திரண்டு வயசில், வாடகைக்கு இருப்பவளிடம், என் மகனுக்குத் தெரியாமல் என்று வாயால் சொல்வது எப்படி? பாதி மலை வரைக்கும் அதையே மென்றுகொண்டு வந்தாள்.

சந்தை நாள். தையல் கடையில் ஜாக்கெட் வாங்க நாலு பேர், துணி கொடுக்க மூன்று பேர். ஈஸ்வரி இஞ்ச் டேப்பைக் கழுத்திலேயே போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க பாயம்மா. இன்னா இவ்ளோ எளச்சிட்டீங்க? பேங்குக்கு மொதல்ல போய்ட்டு வந்துடலாம். மத்தியானம் ஆச்சுன்னா அந்த மனுஷன் சாப்பாட்டுக்கு எழுந்து போயிடுவாரு."

கடையில் அத்தனை பேர் முன்னால் சொல்ல முடியாது. வழியில் சொல்லலாம் என்றால், ஈஸ்வரி வழியெல்லாம் யாரையாவது நிறுத்தி, "உன் பாவாட ரெடி, சாயந்தரம் வா," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பேங்க் வந்துவிட்டது.

கவுண்டரில் ஆதிநாராயணன் என்கிற கிளார்க், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஃபாரத்தை நகர்த்தினார். எந்த அக்கவுண்டிலிருந்து, யாருக்கு, எந்த பேங்க், எந்தத் தேதி, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை.

"ஒரு மாசம் அக்கவுண்டுல பணம் இல்லன்னா இன்னாங்க ஆகும்?" என்று கேட்டாள் ஈஸ்வரி.

"போகாது. அபராதம் பிடிச்சிக்குவோம். அந்த மாச வாடகைய நீயேதான் தனியா போடணும். நாலாம் தேதி சாயந்தரமே பணத்த உள்ள வெச்சிடு."

"அஞ்சாம் தேதி ஞாயித்துக்கெழமையா இருந்தா?"

"அடுத்த வேல நாள்ல போகும். உன் ஜாக்கெட் மாதிரி ஒரு வாரம் தள்ளிப் போகாது." அவர் பெண்டாட்டி ஜாக்கெட் இன்னும் கடையிலேயே கிடந்தது போலிருக்கிறது. ஈஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"தொகை?"

"அஞ்சாயிரம்," என்றாள் ஈஸ்வரி.

ஈஸ்வரியின் பேனா முனை தாளைத் தொடுகிற நேரம். அஞ்சாயிரம் என்று பதிவானால் அடுத்த மாதம் ஐந்தாம் தேதி ஹம்மாது போனில் அஞ்சாயிரம் என்று மணி அடிக்கும். ஏன் ஆயிரம் அதிகம் என்று அவன் இவளைக் கேட்க மாட்டான், ஈஸ்வரியைத்தான் கேட்பான். எத்தனை மாதமாக என்றும் கேட்பான்.

"நாலு," என்றாள் சலீமா. குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "நாலாயிரம்னு எழுது." கையோடு ஹம்மாதின் தாளையும் எடுத்து நீட்டினாள்.

ஆதிநாராயணன் கண்ணாடியை இறக்கி இருவரையும் பார்த்தார். "முடிவு பண்ணிட்டு சொல்லுங்க. இது பதினோரு மாசம் இதே தொகைதான் போகும். மாத்தணும்னா இத ரத்து பண்ணி புதுசா எழுதணும்."

"நாலுதான்," என்றாள் சலீமா.

ஈஸ்வரி அவளையே பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. நாலாயிரம் என்று எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். வெளியே படியில் சலீமா முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கி வருவதற்குள், ஈஸ்வரி கீழே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க, ஆயிரம் கொறச்சிட்டாங்க. நான் கேக்கவே இல்ல. அவங்களே சொல்றாங்க. சரி, சரி, அத அப்பறம் பேசிக்கலாம்." போனை வைத்துவிட்டு வந்து சலீமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வூட்டுக்காரருக்கு சொன்னேன் பாயம்மா. இந்த வருஷம் யூனிபார்ம் ஆர்டர் பாதிதான் வந்துச்சு. வாடகைக்கு இன்னா பண்றதுன்னு நெனச்சிக்கினே இருந்தேன். உங்களாண்ட சொல்லவே இல்ல, எப்படித் தெரிஞ்சிக்கினீங்க?"

கட்டிக்கொண்டு வந்த மூன்று வரியையும் விட்டுவிட்டு, "மெதுவா நட, முட்டி வலிக்குது," என்றாள் சலீமா.

கடையில் டீ வந்தது. இந்த மாத வாடகை அஞ்சாயிரத்தை ஈஸ்வரி எண்ணிக் கொடுத்தாள். பேங்க் வழி அடுத்த மாதம்தான் ஆரம்பம். துணி கொடுக்க வந்த செல்லம்மாவிடம், "எங்க பாயம்மா மாதிரி ஓனர் எங்கியும் கெடையாது," என்று சொன்னாள். செல்லம்மா, "எங்க ஓனருக்கும் நீங்க குடிக்கிற தண்ணியில ஒரு சொட்டு குடுத்து அனுப்புங்க பாயம்மா," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சலீமாவும் சிரித்தாள். புகழ்ச்சி சூடான டீயைப் போலத்தான் இருந்தது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஈஸ்வரி கூட வந்தாள். கையில் ஒரு பொட்டலம் சாமை அரிசி. பஸ் நின்றிருந்தது, டிரைவர் இன்னும் ஏறவில்லை. சலீமா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஆஸ்மாவின் அடுப்பு ஞாபகம் வந்தது. இனி சொல்லவில்லையென்றால் எப்போதும் இல்லை.

"ஈஸ்வரி. நான் வாடகைய கொறைக்கல."

"இன்னா பாயம்மா?"

"பையனுக்கு நாலுதான் தெரியும். அந்த ஆயிரம் என் கைச்செலவு. என் தங்கச்சிக்குத் தர்றேன். பேங்க்ல போட்டா எனக்கு வராது."

ஈஸ்வரியின் கை ஜன்னல் கம்பியில் அப்படியே இருந்தது. முகத்தில் இருந்த சிரிப்பு மட்டும் இறங்கிவிட்டது.

"அவருக்குச் சொல்லிட்டேனே," என்றாள் மெதுவாக. "ஆயிரம் மிச்சம்னு சொன்னவுடனே வண்டி டியூவுக்கு வெச்சிக்கறேன்னுட்டாரு. இப்ப இல்லன்னு சொன்னா, நான் ஒளிக்கறேன்னு சொல்லுவாரு."

"நான் வாய தொறந்திருக்கணும். உன் மேல தப்பு இல்ல."

"நீங்க அங்க சொல்லியிருந்தா மட்டும்? அந்த ஆதிநாராயணன் காதுல விழுந்தா சந்தைக்கே தெரியும்." ஈஸ்வரி இஞ்ச் டேப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "சரி. வூட்ல சீட்டு சேந்துட்டேன்னு சொல்றேன். மாசம் ஆயிரம் சீட்டு. ரெண்டு நாள் கத்துவாரு, விட்டுடுவாரு. உங்க ஆயிரத்த டப்பாவுல போட்டு வெக்கறேன். நீங்க வர்றப்ப வாங்கிக்கங்க."

"நான் எப்படி வர்றது?" என்றாள் சலீமா.

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். ஈஸ்வரி சாமைப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகத் திணித்தாள். "எதனா பண்ணி வாங்க," என்றாள். பஸ் நகர்ந்தது.

இரண்டாவது வளைவில் ஹம்மாது போன்.

"முடிஞ்சிடுச்சா அம்மி?"

"முடிஞ்சுது. நாலாயிரம். அடுத்த மாசம் அஞ்சாம் தேதியிலேருந்து."

"அப்பாடா. இனிமே நீங்க அலைய வேணாம்."

சலீமா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "இல்லப்பா, கடைக்கூரை பின்பக்கம் ஒழுகுதுன்னு சொல்றா. மழ வர்றதுக்குள்ள ஒருக்கா வந்து பாத்துட்டுப் போகணும்."

"அதுக்கு எதுக்கு நீங்க? போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, நான் ஆள் பேசறேன்."

"போட்டோவுல ஒழுகறது எப்படிப்பா தெரியும்?"

"வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க அம்மி," என்றான் ஹம்மாது.