ஷம்மாய் கணக்கு

போன செவ்வாய்க்கிழமை சாயங்கால வகுப்பில், இருபது பேர் முன்னால் ஸ்டெல்லா எழுந்து நின்றாள். "இந்தப் பேப்பரிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்."

ஆங்கிலத்தில் பேராசிரியரிடம்தான் சொன்னாள். ஆனால் பார்த்தது என்னை. எங்கள் இருவர் பெயரையும் போட்டு அந்தப் பேப்பரை எழுதியவள் நான்.

பகலில் எனக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. வாரம் ஒருநாள், பிரிட்ஜ்வாட்டர் ஊரில் இருக்கும் வீட்டிலிருந்து கார் எடுத்துக்கொண்டு காலேஜ். 'மதங்கள் எப்படிக் கற்கின்றன' என்று ஒரு ஒப்பீட்டு கோர்ஸ். எனக்கு அது ஆசை. தூத்துக்குடியிலிருந்து வந்து இங்கே கேன்சர் வார்டில் நர்ஸாக இருக்கும் ஸ்டெல்லாவுக்கோ அவசியம். இந்த கிரெடிட் கிடைக்காவிட்டால் டிகிரி ஒரு வருடம் தள்ளிப்போகும்.

இந்த மாதம் தால்மூத். யூதர்களின் பழைய சட்ட விவாதத் தொகுப்பு. பக்கத்தின் நடுவில் சட்டமும் அதைப் பற்றிய வாக்குவாதமும். சுற்றிலும் பல நூற்றாண்டு கழித்து வந்தவர்களின் உரைகள். அவையும் ஒன்றோடொன்று மோதும்! ஜோடியாக உட்கார்ந்து, சத்தமாக வாசித்து, ஒருவரையொருவர் மடக்குவதுதான் படிக்கும் முறை.

எங்கள் ஜோடிக்குக் கிடைத்தது விளக்கு வழக்கு. எட்டு நாள் விளக்குப் பண்டிகை. ஷம்மாய் என்ற பழைய குருவின் பள்ளி சொல்கிறது — முதல் நாள் எட்டு விளக்கு, பிறகு தினம் ஒன்று குறை. ஹில்லேல் என்ற குருவின் பள்ளி — ஒன்றில் தொடங்கி, தினம் ஒன்று கூட்டு.

ஏன்? அதற்கும் இரண்டு விளக்கம். ஷம்மாய் பள்ளி வரவிருக்கும் நாட்களை எண்ணுகிறது, ஹில்லேல் பள்ளி வந்த நாட்களை எண்ணுகிறது என்பது ஒன்று. இன்னொன்று — வேறொரு திருவிழாவில் பலி கொடுக்கும் காளைகள் தினமும் குறையும், அதுபோல என்கிறது ஷம்மாய் தரப்பு. புனிதமானதை ஏற்றலாம், இறக்கக் கூடாது என்கிறது ஹில்லேல் தரப்பு. நடைமுறையில் ஜெயித்தது ஹில்லேல். ஆனாலும் ஷம்மாய் கட்சியை ஏட்டிலிருந்து யாரும் அடிக்கவில்லை.

நான் அடித்தேன்.

நான் ஹில்லேல் கட்சி, ஸ்டெல்லா ஷம்மாய் கட்சி. "ஏத்திக்கிட்டே போயி, ஒன்பதாம் நாள் மொத்தமா இருட்டாக்குனா அது இறக்கம் இல்லையாக்கா?" என்று கேட்டிருந்தாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பேப்பர் கச்சிதமாக இருக்கட்டுமே என்று வெட்டிவிட்டேன்.

"எங்கள் மரபிலும் எதிர்த்தரப்பைச் சொல்வோம், பூர்வபட்சம் என்று பெயர்" என்று அன்று வகுப்பில் பேராசிரியரிடம் சமாளித்துப் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் பயம்.

"சொல்லிவிட்டு?"

"மறுப்போம்."

"இங்கே தோற்ற கருத்தும் பெயரோடு இருக்கும். பின்னால் வரும் ஒரு நீதிமன்றத்துக்கு அது தேவைப்படலாம். ஹில்லேல் பள்ளிக்கு வெற்றி ஏன் கிடைத்தது என்று தால்மூத்தே சொல்கிறது — எதிராளியின் வாதத்தை முதலில் சொன்னார்களாம். நீங்கள் ஸ்டெல்லாவின் வாதத்தைச் சொல்லுங்கள். அவர் 'ஆமாம்' என்றால் பேப்பர் செல்லும். இல்லையென்றால் இருவருக்கும் பூஜ்யம்."

எழுந்தேன். ஒன்பதாம் நாள் கேள்வியை ஒப்பித்தேன்.

"இல்லை" என்றாள் ஸ்டெல்லா.

காளைக் கணக்கைச் சொன்னேன்.

"இல்லை."

அவளுடைய ஒரு வருடமும் என் நாக்கில்தான் தொங்குகிறது! இருந்தும் பொய்யாகத் தலையாட்ட மறுக்கிறாளே... கோபம் வந்தது. கோபத்திலேயே தமிழில் கேட்டுவிட்டேன்: "பின்ன எதுக்குத்தான் அந்தக் கேள்விய கேட்ட?"

"இப்பவாவது கேட்டீங்களேக்கா." அவளும் தமிழுக்கு மாறினாள். "என் வார்டுல எல்லாருக்கும் ஷம்மாய் கணக்குதான். இன்னும் எத்தன நாள் இருக்குன்னுதான் எண்ணுவாங்க. தினம் ஒண்ணு குறையும். ஆனா இருக்குற நாள் அத்தனைக்கும் முதல் நாளே விளக்கேத்தி வெச்சிருக்குல்ல? குறையுறது அவமானம் இல்லக்கா."

மூன்று வாரம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். கேட்டேனா?

திரும்பி நின்று ஆங்கிலத்தில் சொன்னேன். "வரவிருக்கும் நாட்களை எண்ணுகிறவர் இழப்பை எண்ணவில்லை. மிச்சமிருப்பதை மதிக்கிறார். முதல் நாளே எல்லா விளக்கையும் ஏற்றுவது அதற்காக."

ஸ்டெல்லா பேராசிரியர் பக்கம் திரும்பினாள். பிறகு, "ஆமாம்."

நான் உட்காரப்போனேன். "இருங்கள், அவருடைய வாதத்தை நான் சொல்ல வேண்டாமா?" என்றாள் அவள். சொன்னாள், என்னைவிட நன்றாக! நேற்றைய சந்தோஷம் இன்றைக்குக் குறைந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்களின் கட்சி அது என்றாள். இப்படி எனக்கே தோன்றியதில்லை.

பேப்பரை மறுபடி எழுதினோம். இரண்டு பெயர், இரண்டு கட்சி, முடிவுரை கிடையாது. பாஸ்!

ஜெயித்தவர் மட்டும் எழுதிய பக்கத்தில் படிக்க என்ன இருக்கிறது? அவர் சொன்னதுதான் இருக்கும். அவரை எது யோசிக்க வைத்தது என்பது தோற்றவரிடம் அல்லவா இருக்கிறது?

கோர்ஸ் முடிந்தாலும் வாரம் ஒருநாள் சேர்ந்து படிப்பது என்று தீர்மானித்திருக்கிறோம். என்ன படிப்பது என்பதில்தான் இன்னும் ஒத்துப்போகவில்லை — நல்லவேளை!