பயில்வானுக்குக் கொடுத்த ஒரு மூடி

எனக்குக் கால் வீங்கிக் கிடந்தபோது, நான் போவதற்குள் குழந்தைகள் அறை வாசலை யாரோ துடைத்து வைத்திருப்பார்கள். அது பஞ்சக்கா என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. துணி தைக்கும் கம்பெனியில், தையல்காரிகளின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். தலைமுடியில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். நான் அங்கே கூட்டுகிறவள்.

ஒன்றரை வயதில் குச்சியாய் ஒரு பையன். பஞ்சக்கா அவனுக்கு வைத்த பேர் பயில்வான். இரத்தம் குறைவு என்று டாக்டர் இரும்புச்சத்து சிரப் கொடுத்திருந்தார். பாலோடு சேர்ந்தால் மருந்து உடம்பில் ஒட்டாது என்பதால், பால் குடித்து நெடுநேரம் ஆனபிறகு ஆரஞ்சுச் சாறோடு கொடுப்பாள். வெளிக்குக் கறுப்பாகப் போனால் பயமில்லை என்றும் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

சிரப் தீர்ந்து, அதைவிட வீரியம் கூடிய சொட்டு மருந்து வந்தது. பையனின் அம்மா மிஷினுக்கு ஓடும் அவசரத்தில், "ஒண்ணு குடுத்துடுங்கக்கா" என்றாள். அவள் சொன்னது ஒரு டிராப்பர், சொட்டு மருந்தை உறிஞ்சி எடுக்கும் சின்னக் குழாய். அந்த டிராப்பரோ அவள் பையிலேயே தங்கிவிட்டது. சிரப் ஒரு மூடிதானே கொடுத்தோம் என்று, பஞ்சக்கா அதே மூடி நிரம்ப ஊற்றிக் கொடுத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளை வாந்தி எடுத்தான். கறுப்பாய் வந்தது. மறுபடியும் எடுத்தான். வயிற்றைச் சுருட்டிக்கொண்டு அழுதான், பேதியும் போனான். பஞ்சக்கா அவனை என்னிடம் தந்துவிட்டு அவன் அம்மாவின் மிஷினுக்கு ஓடினாள்.

"ஒண்ணுன்னா எதுல ஒண்ணுடி?"

அம்மாக்காரி தன் பையிலிருந்து டிராப்பரை எடுத்துக் காட்டினாள். அதைப் பார்த்ததுமே பஞ்சக்கா சூப்பர்வைசரிடம் ஓடினாள்.

ஷிஃப்ட் முடியாமல் கேட் திறக்காது. நடுவில் வெளியே போக அவர்தான் அனுமதிச் சீட்டுத் தரவேண்டும். அவர் வந்து பார்த்த நேரத்தில் பையன் தெளிந்து, பொம்மையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"அதான் விளையாடுறானே! கொஞ்சம் அஜீரணம். இதை வெளியில சொன்னா உன் வேலைதான் போகும், யோசிச்சுக்கோ."

ஜன்னலெல்லாம் கம்பி. நான் கண்ணை மூடிக் கடவுளைக் கூப்பிட்டேன். பஞ்சக்கா பாட்டிலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அதிகமாயிட்டா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி இதுலயே எழுதியிருக்கு. பத்து மடங்கு ஊத்திட்டேன் சார். தப்பு என்னோடது. கேட்டைத் தொறங்க!"

மற்ற மிஷின்களெல்லாம் நின்றன. அத்தனை பெண்களும் அவரையே பார்த்தார்கள். சீட்டு வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "நடுவுல தெளிஞ்ச மாதிரிதான் காட்டும், அதை நம்பக்கூடாது" என்று சொல்லி, ரத்தம் எடுத்துப் பார்த்து, டிரிப் ஏற்றிப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். கடவுள் புண்ணியம், பிள்ளை பிழைத்தான்.

பஞ்சக்காவுக்கு வேலை போயிற்று. கேட்டுக்கு வெளியே துணிப்பையோடு நின்றவள், கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"பயில்வான் தூங்கி எழுந்ததும் தண்ணி கேப்பான், உடனே குடுத்துடு. என்னைத் தேடினா, நாளைக்கு வருவேன்னு மட்டும் சொல்லிடாதே. பாவம், நம்பிடுவான்."